கோதுமையை நிறுத்தினால் டிடிஜி ஏன் இறங்குகிறது? எண்டோஸ்கோபிக்கு முன் மறுபடி சாப்பிடச் சொல்கிறார்களே, சரியா?

குமரன்_ஈரோடு

வணக்கம். என் அக்காவுக்காகக் கேட்கிறேன். வயது 34, கல்யாணமாகி குர்கானில் இருக்கிறாள். ரொம்ப நாளாகவே ரத்தசோகை, ஹீமோகுளோபின் 7.8, ஃபெரிட்டின் 5. இரும்புச்சத்து மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிட்டும் ஏறவே இல்லை. மாதவிடாய் ரத்தப்போக்கு அதிகமில்லை, மலத்தில் ரத்தம் இல்லை. வயிற்றுப்போக்கும் கிடையாது, அடிக்கடி வாய்ப்புண் மட்டும் வரும். அப்புறம்தான் ஒரு டாக்டர், கோதுமையால் சிறுகுடல் கெடும் சீலியாக் நோய் இருக்கலாம் என்று டிடிஜி ஐஜிஏ ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார். 86 வந்தது, அந்த லேபில் 15 வரைதான் நார்மல்.

ரிப்போர்ட் வந்த அன்றே வீட்டில் கோதுமையை நிறுத்திவிட்டார்கள். இப்போது மூன்று வாரம் ஆகிறது. குடல் டாக்டரைப் பார்த்தால் எண்டோஸ்கோபி செய்து சதை எடுக்க வேண்டும், அதுவரை தினமும் சப்பாத்தி சாப்பிடுங்கள் என்கிறார். மாமியார் வீட்டில் பயப்படுகிறார்கள், ஆகாது என்று தெரிந்த பிறகும் அதையே சாப்பிடச் சொல்வதா என்று.

எனக்குப் புரியாத இன்னொன்று. டிடிஜி என்பது நம் உடம்பிலேயே இருக்கிற டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி, அதற்கு எதிராக உடம்பு எதிர்ப்பொருள் தயாரிக்கிறது என்கிறார்கள். அம்மாவுக்குத் தைராய்டில் இதே மாதிரி எதிர்ப்பொருள் இருக்கிறது, எந்தச் சாப்பாட்டை நிறுத்தினாலும் அது போகவில்லை. இதில் மட்டும் கோதுமையை நிறுத்தினால் எப்படி இறங்கும்?

மீனாட்சி_நாகர்கோவில்

தம்பி, என் பையனுக்கும் கோதுமை அலர்ஜிதான். பிஸ்கட் ஒன்று தின்றால் போதும், அரை மணி நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துவிடும். தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்ட் எடுத்துத்தான் கண்டுபிடித்தார்கள். உங்கள் அக்காவுக்கும் அதை எடுக்கச் சொல்லுங்கள், எண்டோஸ்கோபி எல்லாம் எதற்கு. தயவுசெய்து வீட்டில் சும்மா சாப்பிட வைத்துப் பார்க்காதீர்கள், என் பையனுக்கு ஒரு தடவை மூச்சே முட்டிவிட்டது.

செந்தில்_மருந்தகம்

சப்பாத்தி சாப்பிடச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும் உடம்பு அதை எதிரி என்று நினைத்து எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. அந்த எதிர்ப்பொருள் ஆள் மாறி நம் குடலில் இருக்கிற டிரான்ஸ்குளூட்டமினேஸ் நொதியைத் தாக்கி, குடலின் உள்சுவரை அரித்துவிடுகிறது. எதிர்ப்பொருள் ஆறு மடங்கு இருக்கிறதென்றால் குடல் அரித்துப்போயிருக்கிறது என்றுதானே அர்த்தம், பயாப்ஸி எதற்கு? சந்தேகமிருந்தால் ஹெச்.எல்.ஏ. ஜீன் டெஸ்ட் எடுக்கலாம், அதற்குக் கோதுமை சாப்பிடவே தேவையில்லை.

திசுத்தகடு

நான் நோய்க்குறியியல் பிரிவில் இருக்கிறேன். குடல் பயாப்ஸி படிப்பது என் அன்றாட வேலை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மீனாட்சி அம்மா, உங்கள் பையனுக்கு இருப்பது வேறு. அது ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் வழியாக வருவது, நிமிடங்களில் காட்டும், உயிருக்கே ஆபத்தாகலாம். நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. சீலியாக்கில் அப்படி உதடு வீங்காது, மூச்சு முட்டாது, தோலில் குத்திப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. அது மாதக்கணக்கில் சத்தமில்லாமல் நடப்பது. அதனால்தான் இவருடைய அக்காவைச் சில வாரம் சாப்பிடச் சொல்ல முடிகிறது, உங்கள் பையனிடம் அதைச் சொல்லவே முடியாது.

குமரன், தைராய்டோடு ஒப்பிட்டுக் கேட்டீர்களே, அதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. கோதுமைப் புரதத்தில் குளூட்டமின், புரோலின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் மிக அதிகம். புரோலின் நிறைய இருக்கிற இடத்தை நம் செரிமான நொதிகளால் வெட்ட முடிவதில்லை. அதனால் குளூட்டனின் ஒரு பகுதியான கிளையாடின் என்ற புரதத்தின் நீளமான துண்டுகள் சிதையாமல் சிறுகுடல் வரை போய்ச் சேர்கின்றன. இது எல்லோருக்கும் நடக்கிறது, நீங்கள் நேற்று பரோட்டா சாப்பிட்டிருந்தால் உங்களுக்கும் நடந்திருக்கும்.

குடல் சுவருக்கு உள்ளே டிரான்ஸ்குளூட்டமினேஸ் காத்திருக்கிறது. ஒரு புரதத்திலிருக்கும் குளூட்டமினைப் பிடித்து இன்னொரு புரதத்தின் லைசினோடு ஒட்டவைப்பது அதன் வேலை. காயம் ஆற உதவும் நொதி அது. கையில் லைசின் கிடைக்காவிட்டால் தண்ணீர் மூலக்கூறைச் சேர்த்து அந்தக் குளூட்டமினைக் குளூட்டமிக் அமிலமாக மாற்றிவிடும். மாற்றம் சிறியதுதான், ஆனால் அந்த இடத்தில் ஒரு எதிர்மின்னூட்டம் வந்துவிடுகிறது. டிக்யூ2 அல்லது டிக்யூ8 வகை ஹெச்.எல்.ஏ. இருப்பவர்களின் செல்களில், கிளையாடின் துண்டை ஏந்திக் காட்டும் பள்ளத்தில் அந்த மின்னூட்டம் கச்சிதமாக உட்காரும். மாறாத துண்டு நழுவிவிடும், மாறிய துண்டு நிலைத்து நிற்கும். அதை நோய் எதிர்ப்பு அணுவான டி செல் பார்த்துவிடுகிறது. இதுதான் ஆரம்பம்.

ஆக, டி செல்லுக்குக் கோபம் கிளையாடின் மேல்தான், நம் நொதி மேல் இல்லை. அப்படியானால் நொதிக்கு எதிரான எதிர்ப்பொருள் எங்கிருந்து வந்தது? வேலைக்கு நடுவில் அந்த நொதி கிளையாடினோடு தானே ஒட்டிக்கொள்கிறது. நொதியை அடையாளம் காணும் பி செல்கள் நம் எல்லோரிடமும் சில இருக்கும், ஆனால் டி செல் உதவி இல்லாமல் அவை சும்மாவே இருக்கும். அப்படி ஒரு பி செல் நொதியைப் பிடித்து விழுங்கும்போது கூடவே ஒட்டியிருக்கும் கிளையாடினும் உள்ளே போகிறது. பிறகு பி செல் அந்தக் கிளையாடின் துண்டை வெளியே காட்டுகிறது. அங்கே கிளையாடினைத் தேடிக்கொண்டிருக்கும் டி செல் வந்து, இது நம் ஆள் என்று உதவி செய்துவிடுகிறது. உதவி கிடைத்ததும் பி செல் எதிர்ப்பொருள் தயாரிக்கத் தொடங்கும், ஆனால் அதற்குத் தெரிந்தது நொதிக்கு எதிரான எதிர்ப்பொருள் மட்டும்தான். 1997-இல் இந்த நொதிதான் இலக்கு என்று ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டில் நார்வேயின் லுட்விக் சோலிட் குழு இந்த விளக்கத்தை முன்வைத்தது.

இப்போது கோதுமையை நிறுத்துங்கள். நொதி அப்படியே இருக்கும், பி செல்லும் இருக்கும். ஆனால் காட்டுவதற்குக் கிளையாடின் இல்லை, அதனால் டி செல் உதவி வராது, உற்பத்தி படிப்படியாகக் குறையும். அம்மாவின் தைராய்டு கதையில் டி செல் தேடுவதே தைராய்டின் சொந்தப் புரதத்தை. அதைச் சாப்பாட்டிலிருந்து எடுத்துவிட முடியாது.

குமரன்_ஈரோடு

ரொம்ப நன்றி சார். இரண்டு தடவை படித்தேன், புரிந்தது. அப்படியானால் மூன்று வாரத்தில் எண்ணும் இறங்கியிருக்கும், குடலும் ஆறத் தொடங்கியிருக்கும், அதனால்தான் டாக்டர் மறுபடி சாப்பிடச் சொல்கிறாரா?

திசுத்தகடு

ஆமாம். பெரியவர்களுக்கு மூன்று வாரத்தில் குடல் முழுசாக ஆறாது, பலருக்கு வருடங்கள்கூட ஆகும். ஆனாலும் கொஞ்சம் மாறும். பாதிப்பு லேசாக இருந்தவர்களிடம் அந்தக் கொஞ்சமே எங்களைக் குழப்பப் போதும். உள்ளே புகுந்திருக்கும் லிம்போசைட் என்ற வெள்ளணுக்கள் குறைந்திருக்கும், குடலின் உள்சுவரில் விரல் போல நிற்கும் குடலுறிஞ்சிகள் சற்று நீண்டிருக்கும், நான் 'உறுதியாகச் சொல்ல முடியவில்லை' என்று எழுதி அனுப்பிவிடுவேன். பிறகு உங்கள் அக்கா வாழ்நாள் முழுக்க இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே பத்தியம் இருக்க வேண்டியிருக்கும்.

அளவு ஒன்றும் பெரிதில்லை. தினம் 3 கிராம் குளூட்டன் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படுவது, குறைந்தது இரண்டு வாரம், தாங்க முடிந்தால் ஆறு முதல் எட்டு வாரம் வரை. ஒரு நடுத்தரச் சப்பாத்தியில் ஏறக்குறைய 2 முதல் 3 கிராம் வரும். உங்கள் அக்கா நிறுத்தி அதிக நாள் ஆகவில்லை என்பதால் எவ்வளவு நாள் போதும் என்பதை அவருடைய டாக்டர் முடிவு செய்யட்டும்.

செந்தில், குழந்தைகளுக்கு நீங்கள் சொல்வதில் பாதி சரி. 2020-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலில், டிடிஜி பத்து மடங்கோ அதற்கு மேலோ இருந்து, வேறொரு நாள் எடுத்த ரத்தத்தில் எண்டோமைசியல் எதிர்ப்பொருளும் பாசிட்டிவ் என்றால் பயாப்ஸி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இவருக்கு வயது 34, ஆறு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. இங்கே நான் பயாப்ஸி இல்லாமல் முடிவு சொல்ல மாட்டேன். ஜீன் டெஸ்ட் 'இல்லை' என்று சொல்லத்தான் பயன்படும். நம் நாட்டில் மூன்றில் ஒருவருக்கு அந்த ஜீன் இருக்கிறது, அவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது.

செந்தில்_மருந்தகம்

ஜீன் விஷயம் ஒத்துக்கொள்கிறேன் சார். ஆனால் எதிர்ப்பொருள்தான் குடலை அரிக்கிறது என்பது தப்பா? நாங்கள் படித்தது அப்படித்தான்.

திசுத்தகடு

எதிர்ப்பொருள் ஒன்றுமே செய்வதில்லை என்று என்னால் சொல்ல முடியாது, அது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. ஆனால் அரிப்பதற்கு அதுவே முக்கியக் காரணம் என்றால் இரண்டு விஷயங்கள் இடிக்கும். பிறவியிலேயே ஐஜிஏ வகை எதிர்ப்பொருள் தயாரிக்க முடியாதவர்களுக்கும் சீலியாக் வருகிறது, அவர்கள் குடலும் அதே மாதிரி தட்டையாகிறது. (இவர்களுக்கு டிடிஜி ஐஜிஏ பொய்யாக நார்மல் என்று வரும், அதனால் மொத்த ஐஜிஏ-வையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறோம்.) இன்னொரு பக்கம், ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தும் பயாப்ஸி நார்மலாக இருப்பவர்கள் இருக்கிறார்கள்.

சேதம் செய்வது பெரும்பாலும் செல்கள். கிளையாடினைப் பார்த்த டி செல் இன்டர்ஃபெரான் காமா என்ற அழற்சிப் பொருளைக் கொட்டுகிறது, குடலின் மேற்பரப்புச் செல்கள் நெருக்கடியில் இன்டர்லூக்கின் 15 என்ற எச்சரிக்கைச் செய்தியை வெளிவிடுகின்றன, அதைக் கேட்டு அவற்றுக்கு நடுவில் இருக்கும் லிம்போசைட்டுகள் அந்தச் செல்களையே கொல்கின்றன. சாதாரணமாக 100 மேற்பரப்புச் செல்லுக்கு 25-க்குள் இருக்க வேண்டிய லிம்போசைட்டுகள் அறுபது, எழுபது என்று கிடக்கும். செத்த செல்லுக்கு ஈடுகட்ட அடியிலிருக்கும் குழிகள் வேகமாகப் பெருகி ஆழமாகும், ஆனாலும் ஈடுகட்ட முடியாமல் குடலுறிஞ்சி குட்டையாகிக்கொண்டே வரும். இதையெல்லாம் கண்ணாலேயே பார்க்கிறோம்.

பாலா_வில்லிவாக்கம்

அரிசிச் சோறு சாப்பிடும் தமிழர்களுக்கு இந்த நோய் வராது, இது பஞ்சாபிகளுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும்தான் என்று ஒரு டாக்டரே என்னிடம் சொன்னார். அந்த அக்காவுக்கு வேறு ஏதோ இருக்கும்.

லதா_நொய்டா

பாலா சார், எனக்கு இருக்கிறது. சொந்த ஊர் கும்பகோணம்.

எனக்கும் முதலில் ரத்தசோகைதான். வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லாமல் எப்படி என்று கேட்டதற்கு என் டாக்டர் சொன்னது: இரும்பை உறிஞ்சுவது சிறுகுடலின் முதல் பகுதி, கோதுமை முதலில் போய்த் தாக்குவதும் அந்தப் பகுதியைத்தான். பூத்துவாலையில் நூல் வளையங்கள் உதிர்ந்து வெறும் துணியாகிவிட்டால் தண்ணீரை உறிஞ்சாது இல்லையா, அந்த மாதிரி என்று வரைந்தே காட்டினார். கீழே இருக்கும் நீளமான குடல் நன்றாக இருந்ததால் வயிற்றுப்போக்கு வரவில்லை.

நான் எழுத வந்தது வேறு. பத்தியம் தொடங்கியபோது என் டிடிஜி 200-க்கு மேல். முதல் வருடம் நன்றாக இறங்கியது, அப்புறம் 40-க்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. சப்பாத்தி, ரவை, சேமியா, மால்ட் பானம் எதையும் தொடவில்லை. கடைசியில் உணவியல் ஆலோசகர் வீட்டுக்கே வந்து ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தார். இரண்டு சிக்கின. ஒன்று கூட்டுப் பெருங்காயம். பெருங்காயப் பிசின் தனியாக அத்தனை காரமாக இருக்கும் என்பதால் அதில் மாவு கலந்துதான் விற்கிறார்கள், என் டப்பாவில் பொடி எழுத்தில் கோதுமை மாவு என்றே இருந்தது. தினம் சாம்பார், ரசம், தாளிப்பு என்று எல்லாவற்றிலும் போட்டுக்கொண்டிருந்தேன். இன்னொன்று மாவு மில். பச்சரிசியும் கடலைப் பருப்பும் தெரு மில்லில் அரைத்து வாங்குவேன், முன்னால் வந்தவர் கோதுமை அரைத்திருப்பார், கல்லிலும் துணிக்குழாயிலும் ஒட்டிய மாவு என் பையில்தான் விழும். இரண்டையும் நிறுத்தி, மிக்ஸியில் வீட்டிலேயே அரைக்கத் தொடங்கிய பிறகுதான் நார்மலுக்கு வந்தது.

திசுத்தகடு

லதா மேடம் சொன்ன மில் விஷயத்தை எல்லா நோயாளிகளுக்கும் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். இத்தாலியில் ஒரு சோதனையில், பத்தியத்தில் நன்றாக இருந்தவர்களுக்குத் தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் கொடுத்தார்கள், குடலுறிஞ்சிகள் குட்டையாயின. 50 மில்லிகிராம் என்பது ஒரு சப்பாத்தியை ஐம்பது துண்டாக்கினால் அதில் ஒன்று. தாளிப்பில் போகும் ஒரு சிட்டிகைக்கு அந்த அளவு வராது, மில் மாவு சேரும்போது சுலபமாக வரும். 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிடக் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. மில்லில் அரைத்த மாவை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

பாலா சார், அந்த டாக்டர் சொன்னதற்கு ஒரு அடிப்படை உண்டு. 2016-இல் வெளியான ஆய்வில் வட இந்தியாவில் 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87, தெற்கில் 0.10 என்று வந்தது. தெற்கு மாதிரிகள் வேலூர்ப் பக்கம் எடுத்தவை. ஆனால் ஜீன் இருப்பவர்களின் விகிதம் மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். சராசரியாக ஒருவர் தினம் சாப்பிடும் கோதுமை வடக்கில் 455 கிராம், தெற்கில் 25. வடகிழக்கில் 37 கிராம்தான், அப்படியும் 0.87 எப்படி வந்தது என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, கோதுமை அளவு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தமிழர் என்பதற்காக யாரையும் டெஸ்ட் எடுக்காமல் விடுவது தப்பு, குர்கானில் தினம் சப்பாத்தி சாப்பிடுபவரை விடுவது அதைவிடப் பெரிய தப்பு.

இதற்கு நேர்மாறான தப்பும் நடக்கிறது. நம் ஊர்ப் பயாப்ஸியில் குடலுறிஞ்சி குட்டையாக இருந்தாலே சீலியாக் என்று எழுதிவிடக் கூடாது. ட்ராபிகல் ஸ்ப்ரூ என்ற நோயிலும் குடல் இப்படித்தான் தெரியும், வேலூரில் பல காலமாக அதைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார்கள். அது ஆன்டிபயாட்டிக்கும் ஃபோலிக் அமிலமும் கொடுத்தால் குணமாவது, பத்தியம் தேவையில்லை. அதில் டிடிஜி பொதுவாக உயராது. அதனால்தான் ரத்தமும் சதையும் இரண்டும் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறேன்.

கருப்பட்டி_காப்பி

இப்போது வரும் கோதுமை எல்லாம் கலப்பினம், அதனால்தான் இந்தப் பிரச்சினை. நம் பாரம்பரியச் சம்பா கோதுமையில் கஞ்சி வைத்துக் கொடுங்கள், குடலை ஒன்றும் செய்யாது. எங்கள் வீட்டில் எல்லோரும் அதற்கு மாறி வாயு, உப்புசம் எல்லாம் போய்விட்டது.

திசுத்தகடு

உங்களுக்கு உப்புசம் குறைந்தது உண்மையாகவே இருக்கும். ஆனால் சீலியாக் இருப்பவருக்குச் சம்பா கோதுமை கொடுக்காதீர்கள், இதைப் படிக்கும் யாரும் கொடுக்க வேண்டாம். ரொட்டிக் கோதுமையில் ஏ, பி, டி என்று மூன்று மரபுத்தொகுதிகள் உண்டு. சம்பா கோதுமையில் டி தொகுதி இல்லை. டி செல்லை மிக அதிகமாகத் தூண்டும் 33 அமினோ அமிலத் துண்டு அந்தத் தொகுதியிலிருந்துதான் வருகிறது, அந்த வரைக்கும் உங்கள் பேச்சில் உண்மை இருக்கிறது. ஆனால் ஏ தொகுதியிலிருந்து வரும் கிளையாடினிலும் டி செல்லைத் தூண்டும் துண்டுகள் இருக்கின்றன. உப்புசமோ வலியோ இல்லாவிட்டாலும் உள்ளே சேதம் தொடரும். பார்லியும் அப்படித்தான்.

குமரன்_ஈரோடு

எல்லோருக்கும் ஒரு தகவல். அக்கா தயங்கித்தான் மறுபடி சாப்பிட்டாள், தினம் இரண்டு சப்பாத்தி, சில வாரம். கொஞ்சம் அசதியும் வாய்ப்புண்ணும் வந்தது, வேறொன்றும் இல்லை. எண்டோஸ்கோபியில் ஆறு துண்டு எடுத்தார்கள், தொடக்கப் பகுதியில் இரண்டு, அதற்குக் கீழே நான்கு. ரிப்போர்ட்டில் ஐந்து துண்டில் குடலுறிஞ்சி நன்றாகக் குட்டையாகி இருக்கிறது, குழிகள் நீண்டிருக்கின்றன, லிம்போசைட் 100-க்கு 60-க்கு மேல், குடல் சேதத்தின் அளவு மார்ஷ் 3பி என்று போட்டிருக்கிறது. ஒரு துண்டு மட்டும் ஏறக்குறைய நார்மல். அது எப்படி?

திசுத்தகடு

திட்டுத்திட்டாகப் பாதிப்பது சகஜம், அதற்காகத்தான் ஆறு துண்டு. அந்த ஒன்றை மட்டும் எடுத்திருந்தால் 'நார்மல்' என்று ரிப்போர்ட் வந்திருக்கும். துண்டைச் சரியாகப் படுக்க வைக்காமல் சாய்வாக வெட்டினாலும் நல்ல குடலுறிஞ்சி குட்டையாகத் தெரியும். இங்கே ஐந்து துண்டிலும் லிம்போசைட் கூடியிருக்கிறது, குழிகளும் நீண்டிருக்கின்றன, டிடிஜியும் உயர்ந்திருக்கிறது, எனக்குச் சந்தேகமில்லை. இனி கோதுமை, பார்லி, ரை மூன்றும் வேண்டாம். ஆறு மாதம் கழித்து டிடிஜி பாருங்கள், இறங்கும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். குடல் ஆறும்வரை மாத்திரையில் இரும்பு ஏறாமல் போகலாம், ஊசி வழியாகக் கொடுப்பதைப் பற்றிக் கேளுங்கள்.

செந்தில்_மருந்தகம்

அந்த நொதியையே தடுக்கிற மருந்து வருகிறது என்று படித்தேனே சார்?

திசுத்தகடு

ஆமாம், 2021-இல் ஒரு சோதனை வெளியானது. பத்தியத்தில் இருந்தவர்களுக்கு ஆறு வாரம் தினம் 3 கிராம் குளூட்டன் கொடுத்து, கூடவே அந்த நொதியைத் தடுக்கும் மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்து இல்லாதவர்களைவிடக் குடல் சேதம் தெளிவாகக் குறைந்தது. நொதிதான் நடுவில் நின்று வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். ஆனால் அது ஆறு வாரச் சோதனை, அதைப் பார்த்துப் பத்தியத்தை விட முடியாது.

லதா_நொய்டா

குமரன், நீங்களும் அம்மாவும் டெஸ்ட் எடுங்கள். உடன்பிறந்தவர்களுக்கும் பெற்றோருக்கும் வர வாய்ப்பு அதிகம், அதிலும் அம்மாவுக்குத் தைராய்டு வேறு இருக்கிறது.

குமரன்_ஈரோடு

அம்மா ஈரோட்டில் வாரம் ஒரு நாள்தான் கோதுமை தோசை சாப்பிடுகிறாள், எனக்கும் அப்படித்தான். இவ்வளவு குறைவாகச் சாப்பிட்டால் டெஸ்டில் காட்டுமா? ஒரு தொந்தரவும் இல்லாதபோது எடுக்கத்தான் வேண்டுமா?

திசுத்தகடு

அம்மாவுக்குக் கட்டாயம் எடுங்கள், மொத்த ஐஜிஏ-வும் சேர்த்து, ஹீமோகுளோபினும் பாருங்கள். வாரம் ஒரு நாள் என்றால் பாசிட்டிவ் வந்தால் நம்பலாம், நெகட்டிவ் வந்தால் அவ்வளவாக நம்ப முடியாது. உங்களுக்கு முதலில் ஜீன் டெஸ்ட் எடுப்பது நல்லது, டிக்யூ2-வும் டிக்யூ8-உம் இல்லையென்றால் அதோடு விட்டுவிடலாம்.

லதா_நொய்டா

எனக்கு இதில் வேறு கருத்து சார். ஜீன் டெஸ்ட் விலை அதிகம், இருக்கிறது என்று வந்துவிட்டால் மனுஷன் வீணாகக் கவலைப்படுவான். என் தம்பிக்கு டிடிஜி மட்டும்தான் எடுத்தோம், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை திரும்ப எடுக்கிறோம்.

திசுத்தகடு

அதுவும் செய்யக்கூடியதுதான். ஆனால் எடுப்பதற்கு முன்னால் கொஞ்ச நாள் தம்பி தினமும் கோதுமை சாப்பிடுகிறாரா என்று பாருங்கள்.